ஒரு அவுன்ஸ் தங்கம், எத்தனை மாதச் சம்பளம்? அமெரிக்கக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுருக்கமாகச் சொல்லுங்கள், ஒரு அவுன்ஸ் தங்கம் எத்தனை மாதச் சம்பளத்துக்குச் சமம்?

அமெரிக்காவின் சராசரிச் சம்பளத்தை வைத்துப் பார்த்தால், 1951 முதல் 2024 வரை எந்த ஆண்டிலும் அது ஒரு முழு மாதத்தைத் தொட்டதில்லை. ஆண்டுச் சராசரி விலைகளை மட்டும் எடுத்தால் 1980தான் உச்சம். அப்போதும் அது மாதத்தில் பத்தில் ஆறு பங்குதான். அடிமட்டம் 1970. அந்த ஆண்டு ஒன்றரை நாள் கூலி போதும். இடையில் வந்த ஆண்டுகள் இந்த இரண்டுக்கும் நடுவே மேலும் கீழுமாக அலைகின்றன.

| ஆண்டு | ஒரு அவுன்ஸ் (டாலர், ஆண்டுச் சராசரி) | சராசரி மாதச் சம்பளம் (டாலர்) | மாதங்கள் | வேலை நாட்கள் |
|---|---|---|---|---|
| 1951 | 35 | 233 | 0.15 | 3¼ |
| 1960 | 35 | 334 | 0.10 | 2¼ |
| 1970 | 36 | 516 | 0.07 | 1½ |
| 1980 | 613 | 1,043 | 0.59 | 12¾ |
| 1990 | 384 | 1,752 | 0.22 | 4¾ |
| 2001 | 271 | 2,743 | 0.10 | 2 |
| 2011 | 1,571 | 3,582 | 0.44 | 9½ |
| 2024 | 2,386 | 5,821 | 0.41 | 9 |

வேலை நாட்களை ஆண்டுக்கு 260, அதாவது மாதத்துக்கு இருபத்தொன்றரைக்குச் சற்று மேல் என்று வைத்திருக்கிறேன். பாதி நாள், கால் நாள் வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

அவுன்ஸ் என்றால் நம் பவுன் கணக்கில் எவ்வளவு?

தங்கச் சந்தையின் அவுன்ஸ் 31.1 கிராம். கடையில் மளிகைப் பொருளுக்குச் சொல்லும் 28.35 கிராம் அவுன்ஸ் வேறு. சந்தை விலை தூய தங்கத்துக்கு உரியது. நம் ஊர்ப் பவுன் 8 கிராம், அதுவும் பெரும்பாலும் 22 காரட். அதில் தூய தங்கம் 7.33 கிராம்தான் இருக்கும். ஆக, ஒரு அவுன்ஸில் உள்ள தங்கம் ஏறக்குறைய நாலேகால் பவுன் நகையில் உள்ள தங்கத்துக்குச் சமம்.

எதற்காக அமெரிக்காவை எடுத்தீர்கள்?

இரண்டு காரணம். உலகச் சந்தையில் தங்கம் டாலரில் விலை பேசப்படுகிறது. எனவே நாணய மாற்று விகிதம் குறுக்கே வந்து கணக்கைக் குழப்பாது. அடுத்து, அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் ‘தேசிய சராசரி ஊதியக் குறியீடு’ என்ற ஒரு தொடரை 1951 முதல் ஆண்டுதோறும் தருகிறது. ஓய்வூதியத்தைக் கணக்கிடவே அதைப் பயன்படுத்துகிறார்கள். எழுபது ஆண்டுக்கு மேல் இடைவெளி விடாமல் ஒரே தொடராகச் சம்பளப் புள்ளிவிவரம் கிடைப்பது அரிது. இந்த மாதிரி ஒப்பீட்டில் விலையைத் தேடுவது எளிது, நம்பத்தக்க சம்பளத்தைத் தேடுவதுதான் கடினம்.

கணக்கை எப்படிப் போடுவது? ஒரு ஆண்டை எடுத்துக் காட்டுங்கள்.

1980ஐயே எடுப்போம். தவறு நடக்க அதிக இடம் உள்ள ஆண்டு அதுதான்.

அந்த ஆண்டின் ஊதியக் குறியீடு 12,513 டாலர். பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 1,043. தங்கத்தின் ஆண்டுச் சராசரி விலை சுமார் 613 டாலர். 613ஐ 1,043ஆல் வகுத்தால் 0.59 மாதம். அவ்வளவுதான் கணக்கு.

சரி, எங்கே தவறு நடக்கும்? 1980 என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 850 டாலர். ஜனவரி 21 அன்று லண்டனில் நிர்ணயிக்கப்பட்ட விலை அது. அதை அதே 1,043ஆல் வகுத்தால் 0.82 மாதம் வரும். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு “1980இல் ஒரு அவுன்ஸ் வாங்க ஏறக்குறைய மாதச் சம்பளம் முழுவதும் வேண்டியிருந்தது” என்று எழுதுபவர்கள் உண்டு. ஆனால் அந்த விலை ஒரே ஒரு நாள் உச்சம். அதற்கு முந்தைய 1979இன் ஆண்டுச் சராசரி 307 டாலர், மாதச் சம்பளம் 957. அந்தக் கணக்கில் 0.32 மாதம்தான். சம்பளம் ஆண்டு முழுவதும் சேர்த்துப் பார்த்த எண். அதன் எதிரே நிற்கும் விலையும் ஆண்டு முழுவதற்குமான சராசரியாக இருந்தால்தான் ஒப்பீடு நேர்மையானது. இணையத்தில் ஒரு விளக்கப்படத்தைப் பார்க்கும்போது 1980க்கு எதிரே 850 இருந்தால், மற்ற ஆண்டுகளுக்கும் உச்ச விலையைத்தான் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

இன்னொன்று. இந்தச் சம்பளம் வரிப் பிடித்தத்துக்கு முந்தையது. கைக்கு வருவது இதைவிடக் குறைவு. அதேபோல் தங்க விலையும் மொத்தச் சந்தை விலை. ஒரு நாணயமாகக் கடையில் வாங்கினால் அதற்கு மேல் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தால் உண்மையில் உழைக்க வேண்டிய நாட்கள் எல்லாப் பத்தாண்டிலும் அட்டவணையில் இருப்பதைவிட அதிகம்.

1970இல் ஒன்றரை நாள் கூலிக்கு ஒரு அவுன்ஸா? அவ்வளவு மலிவாகவா இருந்தது?

எண் சரி. ஆனால் அந்த விலையில் ஒரு சாதாரண அமெரிக்கத் தொழிலாளி தங்கக் கட்டி வாங்கச் சட்டம் இடம் தரவில்லை. இந்த ஒப்பீட்டைப் பற்றிப் பேசுபவர்கள் அடிக்கடி விட்டுவிடும் செய்தி இது. எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இதுதான்.

1933 ஏப்ரல் 5 அன்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் ஓர் ஆணை பிறப்பித்தார். மக்கள் கையில் இருந்த தங்க நாணயங்கள், கட்டிகள், தங்கச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் மே 1க்குள் வங்கியில் ஒப்படைக்க வேண்டும். ஆளுக்கு 100 டாலர் மதிப்புள்ள நாணயம் வரை வைத்துக்கொள்ளலாம். அரிய நாணயச் சேகரிப்புகளுக்கும், நகை போன்ற தொழில்களுக்குத் தேவையான தங்கத்துக்கும் விலக்கு உண்டு. ஒப்படைத்தவர்களுக்கு அவுன்ஸுக்கு 20.67 டாலர் வீதம் கொடுத்தார்கள். 1934 ஜனவரி கடைசியில் அரசு அதே அவுன்ஸின் விலையை 35 டாலர் என்று மாற்றியது. ஏறக்குறைய 69 விழுக்காடு உயர்வு. அதற்குள் தங்கம் மக்களிடமிருந்து போய்விட்டிருந்தது.

அதன் பிறகு 1974 டிசம்பர் 31 வரை அமெரிக்கர்கள் தங்கக் கட்டியைச் சொந்தமாக வைத்திருக்க முடியவில்லை. 35 டாலர் என்பது அரசுகளும் மத்திய வங்கிகளும் தங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொண்ட விலை. எனவே 1951, 1960, 1970 வரிசைகளில் உள்ள எண்களை “அன்றைக்கு உழைப்பாளி இவ்வளவு சுலபமாகத் தங்கம் சேர்த்தார்” என்று படிக்கக் கூடாது. சட்டம் விலையை ஒரே இடத்தில் கட்டி வைத்திருந்தது, சம்பளம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. 1951இல் 233 டாலராக இருந்த மாதச் சம்பளம் 1970இல் 516 ஆனது. தங்கம் நின்ற இடத்தில் நின்றது. அதனால்தான் மூன்றேகால் நாள் ஒன்றரை நாளாகச் சுருங்கியது.

1951க்கு முன்னால் எப்படி இருந்தது?

ஒரே தொடரில் வராததால் அட்டவணையில் சேர்க்கவில்லை. தொழிற்சாலைத் தொழிலாளர்களின் வாரக் கூலியை மட்டும் வைத்து ஓரளவு பார்க்கலாம்.

1914 ஜனவரியில் ஹென்றி ஃபோர்டு தன் ஆலையில் நாளுக்கு 5 டாலர் என்று அறிவித்தார். அந்தக் கூலி பெற்றவருக்கு, அன்றைய அவுன்ஸ் விலையான 20.67 டாலர் என்பது நாலு நாள் உழைப்பு. ஆனால் அது அன்று உலகமே வியந்து பார்த்த கூலி. நாட்டின் சராசரித் தொழிற்சாலைத் தொழிலாளி வாரத்துக்குச் சுமார் 11 டாலர் வாங்கினார். அவருக்கு ஒரு அவுன்ஸ் என்றால் கிட்டத்தட்ட இரண்டு வாரம். 1929 வாக்கில் வாரக் கூலி 25 டாலரை எட்டியபோது அது ஒரு வாரத்துக்குள் வந்துவிட்டது. அப்புறம் பெருமந்தம் வந்தது. 1934இல் வாரக் கூலி சுமார் 18 டாலர், தங்கம் 35. மறுபடியும் இரண்டு வாரம். அதாவது கூலி இறங்க, விலை ஏற, இரண்டும் ஒரே நேரத்தில் எதிர்த் திசையில் நகர்ந்தன. வேலையே இல்லாதவர்கள் இந்தச் சராசரியில் வரவே மாட்டார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

எழுபதுகளில் என்ன நடந்து இப்படி எகிறியது?

1971 ஆகஸ்ட் 15 அன்று குடியரசுத் தலைவர் நிக்சன், வெளிநாட்டு அரசுகள் கொண்டுவரும் டாலருக்கு ஈடாகத் தங்கம் கொடுப்பதை நிறுத்தினார். 35 டாலர் என்ற பூட்டு உடைந்தது. அதற்குப் பிறகு இரண்டு எண்ணெய் நெருக்கடிகள், இரட்டை இலக்கப் பணவீக்கம், 1979இன் கடைசியில் ஈரானில் பிணைக்கைதிகள், ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை. பத்தே ஆண்டில் ஆண்டுச் சராசரி விலை 36இலிருந்து 613க்குப் போனது. பதினேழு மடங்கு. சம்பளம் அதே காலத்தில் சரியாக இரண்டு மடங்குதான் ஆனது.

நெடுங்காலம் செயற்கையாக அழுத்தி வைத்த விலை விடுபட்டதும் இந்த எழுச்சியில் சேர்ந்திருக்கிறது. அதனால் 1970ஐத் தொடக்கப் புள்ளியாக வைத்து “தங்கம் சம்பளத்தைப் பல மடங்கு முந்திவிட்டது” என்று காட்டும் ஒப்பீட்டை நான் ஏற்பதில்லை. ஓட்டப் பந்தயத்தில் ஒருவரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் கட்டிப் போட்டுவிட்டு, அவிழ்த்த நொடியிலிருந்து வேகத்தை அளப்பது போன்றது அது.

1980க்குப் பிறகு இருபது ஆண்டு இறங்கியது தங்கம் வீழ்ந்ததாலா, சம்பளம் ஏறியதாலா?

இரண்டும்தான். ஆனால் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

1980இலிருந்து 2001க்குள் தங்கம் 613 டாலரிலிருந்து 271க்கு இறங்கியது. சம்பளம் ஆண்டுக்கு 12,513இலிருந்து 32,922க்கு ஏறியது, அதாவது 2.6 மடங்கு. தங்க விலை அசையாமல் 613இலேயே நின்றிருந்தால்கூட, சம்பள உயர்வு மட்டுமே 0.59 மாதத்தை 0.22ஆகக் குறைத்திருக்கும். விலை வீழ்ச்சி அதை 0.22இலிருந்து 0.10க்குக் கொண்டுபோனது. மௌனமாக ஆண்டுக்கு நாலைந்து விழுக்காடு ஏறிய சம்பளம் செய்த வேலை, செய்தித்தாள் தலைப்பில் வந்த விலைச் சரிவைவிடச் சற்று அதிகம்.

விலை ஏன் சரிந்தது என்பதற்கு, பால் வோல்கர் தலைமையில் மத்திய வங்கி வட்டியை 20 விழுக்காடு அளவுக்கு உயர்த்திப் பணவீக்கத்தை அடக்கியது முதல் காரணம். வட்டி தராத தங்கத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதில் பொருளில்லாமல் போனது. தொண்ணூறுகளின் கடைசியில் மத்திய வங்கிகளே விற்றன. பிரிட்டன் 1999க்கும் 2002க்கும் இடையில் 395 டன் விற்றது, சராசரியாக அவுன்ஸ் 275 டாலருக்கு. அந்த நீண்ட சரிவின் தரைமட்டத்தில் விற்ற விற்பனை அது.

2024இல் விலை வரலாறு காணாத உயரம். பிறகு ஏன் 2011ஐவிட மாதக் கணக்கு குறைவு?

2011இல் சராசரி விலை 1,571 டாலர், 2024இல் 2,386. உயர்வு 52 விழுக்காடு. அதே காலத்தில் ஊதியக் குறியீடு 42,980இலிருந்து 69,847க்குப் போனது. உயர்வு 62 விழுக்காட்டுக்கு மேல். சம்பளம் தங்கத்தை முந்தியிருக்கிறது. டாலர் விலையை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது, சம்பளத்தால் வகுத்தால்தான் தெரியும்.

ஆனால் அதோடு நிற்கவில்லை. 2025 அக்டோபரில் தங்கம் 4,000 டாலரைத் தாண்டியது. அந்த 4,000ஐ 2024இன் மாதச் சம்பளத்தால் வகுத்தால் 0.69 மாதம். 1980இன் ஆண்டுச் சராசரியைவிட அதிகம். இங்கே நான் மேலே சொன்ன எச்சரிக்கையை எனக்கும் பொருத்திக்கொள்ள வேண்டும்: இது ஒரு நேரத்து விலையை முந்தைய ஆண்டுச் சம்பளத்தோடு ஒப்பிட்டது. எனவே அட்டவணைக்குள் இதற்கு இடமில்லை.

சராசரிச் சம்பளம் என்பது சாதாரண ஆளின் சம்பளமா?

இல்லை. இந்தக் கணக்கின் பெரிய குறை இதுதான்.

குறியீட்டில் கோடிகளில் சம்பளம் வாங்கும் நிர்வாகிகளும் சேர்த்தி. அவர்கள் சராசரியை மேலே இழுக்கிறார்கள். கோடை விடுமுறையில் இரண்டு மாதம் வேலை பார்த்த மாணவரும் ஒரு ஆளாகவே சேர்க்கப்படுவார். அவர் கீழே இழுக்கிறார். 2023இல் குறியீடு 66,622 டாலர். ஆனால் சம்பளக்காரர்களை வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்பவரைக் கேட்டால் சுமார் 43,200 டாலர்தான். அந்த ஆண்டு தங்கம் சராசரியாக 1,941. சராசரிச் சம்பளத்தில் ஒரு அவுன்ஸ் 0.35 மாதம், நடுவில் நிற்பவருக்கு 0.54 மாதம். ஒரே ஆண்டு, ஒரே தங்கம், நாலு வேலை நாள் வித்தியாசம்.

கடைசி வரிசையில் நிற்பவரைப் பார்த்தால் கதையே வேறு. 1980இல் கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 3.10 டாலர். ஒரு அவுன்ஸுக்கு 198 மணி நேரம், முழுநேர வேலையில் ஒரு மாதத்துக்கும் சற்று மேல். 2009 ஜூலையில் அந்தக் கூலி 7.25 ஆனது, 2024இலும் அதேதான். 2,386ஐ 7.25ஆல் வகுத்தால் 329 மணி நேரம். ஏறக்குறைய இரண்டு மாதம். பல மாநிலங்கள் இதைவிட அதிகக் கூலியைச் சட்டமாக்கியிருக்கின்றன என்பது உண்மை. ஆனால் அப்படிச் செய்யாத மாநிலங்களில் இந்த அடிமட்டக் கூலியை நம்பி இருப்பவருக்கு 2024, உச்ச ஆண்டான 1980ஐவிட மோசம். அட்டவணை இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது.

எண் 0.10க்கு வந்தால் வாங்கலாம், 0.50க்குப் போனால் விற்கலாம் என்று வைத்துக்கொள்ளலாமா?

அப்படி ஒரு விதியை நான் நம்பமாட்டேன். சட்டம் விலையைக் கட்டிவைத்த ஆண்டுகளை நீக்கிவிட்டால் கையில் மிஞ்சுவது ஐம்பது சொச்சம் ஆண்டுகள், அதில் இரண்டு பெரிய ஏற்றம், ஒரு நீண்ட இறக்கம், 2025இல் நடந்த ஏற்றம். இதை வைத்து “இயல்பான” எண் எது என்று சொல்ல முடியாது. 1980இல் 0.59க்கு வாங்கியவரின் ஓர் அவுன்ஸ், 2024 வரை எந்த ஆண்டுச் சராசரியிலும் அதே அளவு உழைப்பைத் திருப்பித் தரவில்லை. 2012இல் மிக அருகில் வந்தது, 0.45 வரை. நாற்பது ஆண்டுக்கு மேல் காத்திருப்பது பெரும்பாலோரின் உழைக்கும் வாழ்நாள்.

இதே கணக்கை இந்தியாவுக்குப் போட்டால்?

சம்பளத் தொடர் இவ்வளவு நீளமாக இல்லாததால் பத்தாண்டு வாரியாகப் போடுவது கடினம். ஒரு புள்ளியை மட்டும் பார்க்கலாம். அரசின் தொழிலாளர் கணக்கெடுப்புப்படி 2024 நடுவில் மாதச் சம்பளம் வாங்குவோரின் சராசரி இருபதாயிரம் ரூபாயைச் சற்றே தாண்டியது. சென்னையில் அப்போது பவுன் 53,000 ரூபாய்க்குப் பக்கம். நாலேகால் பவுன் என்றால் இரண்டேகால் லட்சம். ஏறக்குறைய பதினோரு மாதச் சம்பளம். அமெரிக்கரின் பாதி மாதத்துக்கும் குறைவான அதே அவுன்ஸ்தான்.

நாள்கூலிக்காரர்களும் சிறு வியாபாரிகளும் இந்தச் சராசரியில் இல்லை. அவர்களைச் சேர்த்தால் மாதங்கள் இன்னும் கூடும். விலையிலும் ஒரு உள்ளூர்ச் சேர்க்கை இருக்கிறது: இறக்குமதி வரி. 2024 ஜூலை 23 அன்று மத்திய பட்ஜெட் அதை 15 விழுக்காட்டிலிருந்து 6ஆகக் குறைத்தது. உலக விலை இறங்காமலேயே இங்கே பவுனின் விலை சட்டென்று இறங்கியது. ஆகவே இந்தியக் கணக்கைப் போடுபவர் ஜூலைக்கு முன்னா, பின்னா என்று தேதியோடு சொல்ல வேண்டும். செய்கூலி, சேதாரம், சரக்கு சேவை வரி ஆகியவற்றையும் சேர்த்தால் அது தங்கத்தின் கணக்கு இல்லை, நகையின் கணக்கு. இரண்டையும் தனித்தனியாகப் போடுங்கள்.